வாட்டிகன் சுவடியின் ஓரத்தில் ஒரு வரி

வாட்டிகன் நூலகத்தின் கிரேக்கச் சுவடிகளில் 190 என்ற எண்ணிட்ட தோல் சுவடி ஒன்று இருக்கிறது. யூக்ளிட் எழுதிய ‘எலிமெண்ட்ஸ்’ என்னும் வடிவியல் நூலின் கையெழுத்துப் படி அது. எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் 13ஆம் நூலில் ஆறாவது தேற்றத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஒரு சிறு குறிப்பு காணப்படுகிறது. புதிய பதிப்பின் பெரும்பாலான படிகளில் இந்தத் தேற்றம் இல்லை என்றும், பழைய பதிப்பின் படிகளில் உண்டு என்றும் அது சொல்கிறது. குறிப்பை எழுதியது பிற்காலத்து வாசகர் எவரும் அல்ல. பக்கத்தின் நடுவே மூலத்தைப் படியெடுத்த அதே கைதான் ஓரத்திலும் எழுதியிருக்கிறது.

படிப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் அந்த வரி, ஐரோப்பாவின் அறிஞர்கள் மூன்று நூற்றாண்டுகளாக நம்பிவந்த ஒன்றை அசைத்தது. உலகில் எஞ்சியிருக்கும் யூக்ளிட் ஒன்றே ஒன்றுதான், அது அலெக்சாந்திரியாவின் தியோன் திருத்தி வெளியிட்ட யூக்ளிட் என்பதே அந்த நம்பிக்கை. பழையது, புதியது என்று இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒருவர் படியெடுத்திருக்கிறார் என்றால், தியோனின் கை படாத யூக்ளிட்டும் எங்கோ உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதை வெளிக்கொண்டுவந்தவர் பாரிஸின் புகழ்பெற்ற எகோல் பாலிடெக்னிக் கல்லூரியில் நூலகராக இருந்த பிரான்சுவா பெய்ரார்.

தியோன் யார், என்ன செய்தார்

யூக்ளிட் வாழ்ந்தது கி.மு. 300 வாக்கில். தியோன் வாழ்ந்தது கி.பி. 4ஆம் நூற்றாண்டில். இருவருக்கும் இடையே ஏறக்குறைய 650 ஆண்டு இடைவெளி. தியோன் அலெக்சாந்திரியாவில் கணிதமும் வானியலும் கற்பித்தவர், ஹைப்பேஷியாவின் தந்தை. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் பழைய நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் என்ன செய்வாரோ அதைத்தான் தியோனும் செய்தார். நிரூபணத்தில் யூக்ளிட் தாண்டிச் சென்ற படிகளை நிரப்பினார். சுருக்கமாக இருந்த வாக்கியங்களை விரித்தார். ஓரிடத்தில் ஒரு சொல்லும் இன்னோரிடத்தில் வேறு சொல்லும் வந்தால் ஒரே சீராக்கினார். சில இடங்களில் மாற்று நிரூபணங்களையும் துணை முடிவுகளையும் சேர்த்தார்.

அவருடைய பதிப்பு பயில எளிதாக இருந்ததால் பள்ளிகளில் பரவியது. பரவிய நூலைத்தான் எல்லோரும் படியெடுப்பார்கள். பழைய படிகள் நைந்து அழிய, அவற்றுக்குப் பதிலாக வந்தவை தியோனின் படிகளே. கிரேக்கச் சுவடிகள் பலவற்றின் தலைப்பிலேயே இது தியோனின் பதிப்பிலிருந்து எடுத்தது என்றோ, தியோனின் பாடங்களிலிருந்து எடுத்தது என்றோ எழுதியிருக்கும்.

இந்தத் தலைப்புகள் ஒரு விபரீதமான முடிவுக்கு வழிவகுத்தன. 1505இல் வெனிஸ் நகரில் சம்பெர்த்தி என்பவர் யூக்ளிடைக் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்து வெளியிட்டார். தேற்றங்களின் கூற்றுகள் மட்டுமே யூக்ளிடுடையவை, நிரூபணங்கள் எல்லாம் தியோன் எழுதியவை என்ற கருத்து அந்தக் காலத்தில் செல்வாக்குடன் இருந்தது. சூத்திரம் ஒருவருடையது, உரை இன்னொருவருடையது என்று பிரிப்பதைப் போல அதைப் பிரித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் யூக்ளிடுக்கு மிஞ்சியது கூற்றுகளின் பட்டியல் மட்டுமே.

1533இல் பாசெல் நகரில் சைமன் கிரைனேயஸ் முதல் கிரேக்க அச்சுப் பதிப்பைக் கொண்டுவந்தார். அவர் கையிலிருந்தவை இரண்டு சுவடிகள். இரண்டுமே காலத்தால் மிகப் பிந்தியவை, பிழை மலிந்தவை. ஆனால் அச்சேறிவிட்ட பாடத்துக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது. 1703இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிரிகோரி வெளியிட்ட பெரும் பதிப்பும் அடிப்படையில் பாசெல் பாடத்தையே பின்பற்றியது.

எல்லாப் பழியும் தியோன் தலையில்

18ஆம் நூற்றாண்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் ராபர்ட் சிம்சன் 1756இல் ஒரு பதிப்பு வெளியிட்டார். யூக்ளிட் பிழையே செய்திருக்க மாட்டார் என்பது அவருடைய உறுதியான எண்ணம். நூலில் பிழையாகத் தோன்றும் இடமெல்லாம் தியோனோ அவரைப் போன்ற வேறொரு திறமையற்ற பதிப்பாளரோ செய்த கைவரிசை என்று அவர் தீர்ப்பெழுதினார். அவற்றை நீக்கி அல்லது திருத்தி, யூக்ளிடை மீட்டுவிட்டதாகக் கருதினார். சிம்சனின் பதிப்பு ஆங்கிலப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடநூலாக இருந்தது.

11ஆம் நூலின் பத்தாவது வரையறை அவருடைய தாக்குதலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு திண்ம வடிவங்களின் முகங்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் வடிவத்திலும் ஒத்திருந்தால் அந்தத் திண்மங்கள் சமமும் ஒத்த வடிவும் உடையவை என்பது அதன் சாரம். இது வரையறை ஆகாது, நிரூபிக்க வேண்டிய கூற்று என்றார் சிம்சன். அதோடு, கூற்று பொய் என்பதையும் காட்டினார். ஒரு திண்மத்தின் ஒரு முகத்தின் மேல் சிறிய கூம்பகம் ஒன்றை வெளியே நிற்கும்படி வைக்கலாம். அதே கூம்பகத்தை உள்ளே குழியாக இறங்கும்படியும் வைக்கலாம். இரண்டிலும் முகங்கள் அச்சாக ஒன்றே. கன அளவு மட்டும் வேறு. கணித வாதமாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பிழையை யூக்ளிட் செய்திருக்க முடியாது, ஆகவே இது பிறர் செருகியது என்ற அடுத்த அடிதான் கேள்விக்குரியது.

அந்தக் கேள்விக்கு விடைகாண 1756இல் யாரிடமும் வழி இல்லை. கையிலிருந்த கிரேக்கச் சுவடிகள் எல்லாம் தியோனின் வழிவந்தவை என்றால், தியோன் எதைச் சேர்த்தார், எதைச் சேர்க்கவில்லை என்பதை அவற்றை மட்டும் பார்த்து எப்படிச் சொல்வது? கணித நுட்பமும் ஊகமுமே அளவுகோலாக இருந்தன. தேவைப்பட்டது தியோனுக்கு வெளியே நிற்கும் ஒரு சாட்சி.

பாரிஸ் வந்த சுவடி

அந்தச் சாட்சி போரின் வழியாக வந்து சேர்ந்தது. 1796இல் இத்தாலிக்குள் நுழைந்த நெப்போலியனின் படை, போப்பரசரோடு செய்த போர்நிறுத்த உடன்பாட்டில் நூறு கலைப்பொருள்களையும் ஐந்நூறு சுவடிகளையும் கேட்டுப் பெற்றது. அடுத்த ஆண்டின் தொலந்தீனோ உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. அந்தக் காலத்தில் பாரிஸுக்குப் போன வாட்டிகன் சுவடிகளில் 190ஆம் எண்ணும் ஒன்று. பாரிஸின் பேரரசு நூலகம் குத்திய முத்திரை அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

பெய்ரார் அப்போது ஏற்கனவே யூக்ளிடையும் ஆர்க்கிமிடீஸையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்திருந்தார். யூக்ளிடின் யூகாலிட்டி குறையாத புதிய பதிப்பு ஒன்றைக் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் கொண்டுவர விரும்பி, பாரிஸில் கிடைத்த சுவடிகளை ஒப்பிடத் தொடங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட சுவடிகள் அவர் பார்வைக்கு வந்தன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நின்றது. 1808இல் அதை அவர் அடையாளம் கண்டார்.

அடையாளம் கண்டது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் தலைப்பு. தியோனின் பதிப்பு என்றோ தியோனின் பாடம் என்றோ அதில் இல்லை. இது தன்னளவில் பெரிய சான்றல்ல. படியெடுத்தவர் தலைப்பை விட்டிருக்கலாம். இரண்டாவது சான்றுதான் வலுவானது. அதை அளித்தவர் தியோனே.

டாலமியின் வானியல் நூலுக்குத் தியோன் ஓர் உரை எழுதியிருக்கிறார். அதில் ஓரிடத்தில், சம வட்டங்களில் வட்டக்கோணப் பகுதிகள் அவற்றின் கோணங்களின் விகிதத்திலேயே இருக்கும் என்பதை ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் தமது பதிப்பில், ஆறாம் நூலின் இறுதியில், தாமே நிரூபித்திருப்பதாகச் சொல்கிறார். ஆறாம் நூலின் கடைசித் தேற்றம் 33ஆவது. வட்ட வில்கள் கோணங்களின் விகிதத்தில் இருக்கும் என்பதே அதன் பொருள். வட்டக்கோணப் பகுதி பற்றிய துண்டு அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானே சேர்த்தேன் என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன இடைச்செருகல் இது. ஆகவே எந்தச் சுவடியையும் சோதிக்க எளிய வழி ஒன்று கிடைத்தது: ஆறாம் நூலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றச் சுவடிகளில் அது இருந்தது. 190இன் மூலத்தில் இல்லை.

பெய்ராரின் பதிப்பு 1814, 1816, 1818 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தம் கையிலிருந்த சுவடி மற்றெல்லாவற்றையும்விட மேலானது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனாலும் பழகிப்போன பாசெல் பாடத்தை முழுதாக ஒதுக்கிவிட்டு, 190ஐ அடித்தளமாக வைத்து நூலைப் புதிதாகக் கட்ட அவர் துணியவில்லை. பாசெல் பாடத்தைத் திருத்துவதோடும் பாடபேதங்களைத் தொகுத்துத் தருவதோடும் நின்றார். சுவடி ரோமுக்குத் திரும்பிப் போனது.

ஹெய்பெர்கின் முறை

பெய்ரார் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சென்றவர் டென்மார்க் நாட்டு அறிஞர் யோஹான் லூட்விக் ஹெய்பெர்க். 1883 முதல் 1888 வரை லைப்சிக் நகரில் அவர் வெளியிட்ட ‘எலிமெண்ட்ஸ்’ பதிப்பே இன்றுவரை அறிஞர்கள் மேற்கோள் காட்டும் கிரேக்க மூலம். வாட்டிகன் 190 ஒரு பக்கம், தியோன் வழிச் சுவடிகளில் பழமையான சில மறுபக்கம் என்று நிறுத்தி, வரி வரியாக ஒப்பிட்டார் அவர்.

தியோன் வழிச் சுவடிகளில் சிறந்தவற்றுள் ஒன்று இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பத்ராஸ் ஊரைச் சேர்ந்த அரேத்தாஸ் என்னும் குருவுக்காக ஸ்டீபன் என்ற எழுத்தர் அதை 888இல் எழுதி முடித்தார். அதற்கு 14 பொற்காசு கொடுத்ததாக அரேத்தாஸே அதில் குறித்துவைத்திருக்கிறார். எழுதியவர், எழுதுவித்தவர், ஆண்டு, விலை எல்லாம் தெரிந்த சுவடி கிடைப்பது அரிது.

இன்னொன்று பிளாரன்ஸின் லாரன்சியன் நூலகத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டுச் சுவடி. எழுதியவர் கற்றறிந்தவர், கையெழுத்தும் அழகு. ஆனால் காலம் அதைச் சிதைத்துவிட்டது. பல பக்கங்களில் எழுத்து தேய்ந்துபோக, 16ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் மங்கிய எழுத்துகளின் மேலேயே மை தொட்டு மறுபடி எழுதினார். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் தெளிவாகத் தெரியாத எழுத்தை அவர் ஊகித்தே எழுதியிருக்க வேண்டும். அந்த ஊகத்துக்குக் கீழே பழைய எழுத்து புதைந்துவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பதிப்பாசிரியர் பக்கத்தில் தெரிவதைப் படித்தால் மட்டும் போதாது. எது முதல் கை, எது மேலே வந்த கை என்று பிரித்தறிந்த பிறகே அதைச் சாட்சியாக ஏற்க முடியும்.

வாட்டிகன் 190இலும் இந்தப் பிரித்தறியும் வேலை உண்டு. அதில் திருத்தங்கள் நிறைய இருக்கின்றன. சில, மூலத்தை எழுதிய அதே கையால், பெரும்பாலும் சற்று வெளிறிய மையில் செய்யப்பட்டவை. சில, பழமையானவையே என்றாலும் வேறு கைகளால் ஆனவை. இன்னும் சில மிகப் பிந்தியவை. பிந்திய கை தியோன் பதிப்பு ஒன்றைப் பார்த்துத் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் தியோனுக்குத்தான் சாட்சி, பழைய யூக்ளிடுக்கு அல்ல. ஒரே பக்கத்தில் இரண்டு எதிரெதிர்ச் சாட்சிகள் இருக்கக்கூடும் என்பதால்தான், ஓரக்குறிப்பு முதல் கையால் எழுதப்பட்டது என்ற தகவலுக்கு அத்தனை எடை.

ஹெய்பெர்க் பின்பற்றிய விதியை எளிதாகச் சொல்லிவிடலாம். 190உம் தியோன் சுவடிகளும் ஒரு வரியில் ஒத்துப்போனால், அந்த வரி தியோனுக்கு முன்பே இருந்தது. இரண்டும் வேறுபட்டால், 190இன் பாடம் பெரும்பாலும் பழையது, தியோன் சுவடிகளின் பாடம் அவர் செய்த மாற்றம். படியெடுத்தவரின் கைப்பிழை என்று தெரிந்தால் மட்டும் இது பொருந்தாது. தியோன் சுவடிகளிலேயே சில 190ஓடும் சில தனித்தும் நின்றால், தனித்து நிற்பவை பிற்காலத்துப் பிழைகள்.

இந்த விதியைச் சிம்சனின் குற்றச்சாட்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தால் பல தள்ளுபடியாகின்றன. திண்மங்கள் பற்றிய அந்தப் பத்தாவது வரையறை 190இலும் இருக்கிறது. அதைத் தியோன் செருகவில்லை. அவருக்கு முன்பே நூலில் இருந்தது. உள்நோக்கிக் குழிந்த வடிவங்களை யூக்ளிட் நினைத்துப் பார்க்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். குழிவில்லாத திண்மங்களுக்குக் கூற்று உண்மை என்று 1813இல் கோஷி நிரூபித்தார். அதே போல நிரூபணங்கள் தியோனுடையவை என்ற பழைய கருத்துக்கும் இடமில்லாமல் போனது. தியோனுக்கு முந்திய பாடத்திலும் நிரூபணங்கள் முழுதாக இருக்கின்றன. தியோன் செய்தவை பெரும்பாலும் சிறு சிறு விளக்கங்களும் மெருகேற்றல்களுமே.

குறிப்பு நிற்கும் தேற்றம்

இனி ஓரக்குறிப்பு எந்தத் தேற்றத்தைப் பற்றிப் பேசுகிறதோ அதைக் கவனிக்கலாம். 13ஆம் நூல், யூக்ளிட் ஐந்து சீர்த்திண்மங்களைக் கோளத்துக்குள் அமைத்துக் காட்டும் நூல். அதன் ஆறாவது தேற்றம் பொன்விகிதம் பற்றியது. ஒரு கோட்டை இரண்டு துண்டாக வெட்ட வேண்டும்; முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் இருக்க வேண்டும். அப்படி வெட்டினால் இரண்டு துண்டுகளுமே ‘அபோதோம்’ என்னும் வகையைச் சேர்ந்த விகிதமுறா நீளங்களாக இருக்கும் என்கிறது தேற்றம்.

எண்ணில் போட்டுப் பார்த்தால் எளிது. கோட்டின் நீளம் 2 என்று வைத்துக்கொண்டால், பெரிய துண்டு √5 − 1, அதாவது சுமார் 1.236. சிறிய துண்டு 3 − √5, சுமார் 0.764. இரண்டும் ஒரு நீளத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து வந்தவை. கழிக்கப்படும் இரண்டு நீளங்களின் வர்க்கங்கள் முழு எண்கள், ஆனால் அந்த நீளங்களுக்குப் பொது அளவு கிடையாது. இத்தகைய கழித்தல் மிச்சத்துக்கே அபோதோம் என்று பெயர். யூக்ளிட் பத்தாம் நூலில் அபோதோம்களை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார். 3 − √5 அவற்றில் முதல் வகை. √5 − 1 முதல் வகை அல்ல.

இந்த முடிவு 13ஆம் நூலின் 17ஆவது தேற்றத்தில் தேவைப்படுகிறது. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட திண்மத்தின் விளிம்பு, ஒரு கனசதுரத்தின் விளிம்பைப் பொன்விகிதத்தில் வெட்டினால் வரும் பெரிய துண்டுக்குச் சமம். ஆகவே அது ஓர் அபோதோம் என்று யூக்ளிட் முடிக்கிறார்.

ஓரக்குறிப்பு சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆறாம் தேற்றம் பழைய பதிப்பில் இருந்தது. ஆகவே அது யூக்ளிடுடையது என்று சட்டென்று முடிவுகட்டத் தோன்றும். இங்கேதான் சுவடி வேறொரு கதை சொல்கிறது. ஆறாம் தேற்றம் யூக்ளிட் எழுதியதல்ல என்பதற்கு மூன்று சான்றுகள் அந்தச் சுவடிக்குள்ளேயே கிடைக்கின்றன.

முதலாவது இன்னொரு குறிப்பு. 17ஆவது தேற்றத்துக்கு 190இலேயே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. ஆறாம் தேற்றம் நிரூபிக்கும் அதே விஷயத்தை அது முதலிலிருந்து நிரூபிக்கிறது. ஆறாம் தேற்றம் ஏற்கனவே நூலில் இருந்திருந்தால், அதைச் சுட்டிக்காட்டினாலே போதும். மறுபடி நிரூபிக்க எந்த உரைகாரரும் மெனக்கெட மாட்டார். எனவே அந்த விளக்கத்தை எழுதியவர் கையிலிருந்த நூலில் ஆறாம் தேற்றம் இல்லை.

இரண்டாவது, வரிசை. ஐந்தாம் தேற்றத்துக்கு ஒரு மாற்று நிரூபணம் உண்டு. அதுவுமே பிற்சேர்க்கை என்று கருதப்படுவது. இயல்பாக அது ஐந்தாம் தேற்றத்தை அடுத்து வரவேண்டும். 190இல் ஆறாம் தேற்றம் முன்னால் வந்து, அதற்குப் பின்னால் ஐந்தாவதின் மாற்று நிரூபணம் வருகிறது. சேர்ந்திருந்த இரண்டுக்கும் நடுவே பின்னால் வந்து நுழைந்தது ஆறாவது என்பதை இது காட்டுகிறது. அதாவது, ஒரு பிற்சேர்க்கைக்கும் பிறகு வந்த பிற்சேர்க்கை.

மூன்றாவது, தேற்றத்தின் உள்ளே இருக்கும் பொருத்தமின்மை. கூற்று, இரண்டு துண்டுகளும் அபோதோம் என்று மட்டுமே சொல்கிறது. நிரூபணமோ, சிறிய துண்டு முதல் வகை அபோதோம் என்று கூடுதலாக ஒன்றைச் சொல்லி முடிகிறது. கூற்றில் சொல்லாததை நிரூபணத்தின் முடிவில் சேர்ப்பது யூக்ளிடின் வழக்கம் அல்ல. 17ஆவதற்கான அந்த விளக்கக் குறிப்பில் இந்தக் குறை கிடையாது.

ஆக, ஓரக்குறிப்பு பொய் சொல்லவில்லை. பழைய படிகளில் தேற்றம் இருந்தது என்று அது சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழைய படிகள் என்பவை யூக்ளிடின் கைப்படி அல்ல. யூக்ளிடுக்கும் தியோனுக்கும் இடையே கழிந்த 650 ஆண்டுகளில் வேறு ஆசிரியர்களும் உரைகாரர்களும் நூலில் கைவைத்திருக்கிறார்கள். ஆறாம் தேற்றம் அந்த இடைக்காலத்தில் நுழைந்தது. இரண்டு பதிப்புகள் இருந்தன என்பதற்குக் குறிப்பு நல்ல சாட்சி. தேற்றத்தின் ஆசிரியர் யார் என்பதற்கு அது சாட்சியே அல்ல.

குறிப்பு எப்போது எழுந்தது என்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. மை 190இன் காலத்தது. ஆனால் படியெடுப்பவர் தம் முன்னிருந்த சுவடியின் ஓரத்தில் கண்டதையும் சேர்த்தே படியெடுப்பது உண்டு. தியோனின் பதிப்பைப் புதியது என்று ஒருவர் அழைக்க வேண்டுமானால், அது இன்னும் புதியதாகவும் பழையது இன்னும் கிடைப்பதாகவும் இருந்த காலத்தில் அவர் வாழ்ந்திருக்க வேண்டும். தியோனுக்கு ஐந்தாறு நூற்றாண்டு பிந்திய எழுத்தரைவிட, அவருக்கு முந்திய மூலப்படியை எழுதியவரின் சொற்களாகவே அது பொருந்துகிறது.

தீராத மிச்சம்

இரண்டு பதிப்புகளையும் பார்த்து எழுதியவர் என்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. இரண்டையும் அருகில் வைத்திருந்தவர், பழையதில் ஓரிடம் மங்கியிருந்தால் புதியதைப் பார்த்து நிரப்பியிருக்க மாட்டாரா? தியோனின் வரிகள் சில இந்த வழியாக 190க்குள்ளும் நுழைந்திருக்கலாம். 190ஐச் சிறந்த சாட்சி என்று ஏற்றுக்கொண்ட ஹெய்பெர்கே, அதைக் களங்கமற்ற சாட்சி என்று ஏற்கவில்லை.

எகிப்தின் மணலில் கிடைத்த பப்பைரஸ் துண்டுகள் இதை வேறொரு பக்கத்திலிருந்து உறுதிசெய்தன. 1896–97இல் ஆக்சிரிங்கஸ் ஊரில் அகழ்ந்தெடுத்தவற்றில் இரண்டாம் நூலின் ஐந்தாம் தேற்றமும் அதன் படமும் உள்ள துண்டு ஒன்று இருந்தது. பிற்பாடு வேறு துண்டுகளும் கிடைத்தன. பழைய துண்டுகளை ஆராய்ந்த ஹெய்பெர்க், தியோனுக்கு முன்பே நூலின் பாடம் படிக்குப் படி வேறுபட்டிருந்தது என்ற முடிவுக்கு 1903இல் வந்தார்.

அரபு வழி இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் ஹஜ்ஜாஜும், பிறகு இஸ்ஹாக் இப்னு ஹுனைனும் ‘எலிமெண்ட்ஸ்’ நூலை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். இஸ்ஹாக்கின் மொழிபெயர்ப்பைத் தாபித் இப்னு குர்ரா திருத்தினார். அந்த அரபுப் பாடங்கள் கிரேக்கத்தைவிடச் சுருக்கமானவை. சுருக்கமானதே பழையது, ஆகவே அரபு வழியே யூக்ளிடுக்கு நெருக்கம் என்று 1881இல் கிளாம்ரோத் வாதாடினார். சுருக்கம் மொழிபெயர்த்தவர்களின் வேலை என்று ஹெய்பெர்க் மறுத்தார். நூறாண்டுக்கும் மேல் ஹெய்பெர்கின் முடிவே நிலைத்தது. 1996இல் வில்பர் நோர், கிளாம்ரோத்தின் பக்கம் நியாயம் இருப்பதாகக் கூறி வழக்கை மீண்டும் திறந்தார்.

இன்று ஆங்கிலத்தில் பரவலாகப் படிக்கப்படும் யூக்ளிட், 1908இல் தாமஸ் ஹீத் ஹெய்பெர்கின் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தது. அதில் 13ஆம் நூலின் ஆறாம் தேற்றம் தன் இடத்திலேயே, தன் எண்ணோடு இருக்கிறது. அது இடைச்செருகல் என்று ஹீத் காரணங்களோடு கீழே எழுதியிருக்கிறார். எண்ணை நீக்கினால் பின்வரும் தேற்றங்களின் எண்களெல்லாம் மாறி, பழைய நூல்களின் மேற்கோள்கள் குழம்பிப்போகும் என்பதால், ஐயத்துக்குரியதையும் இருந்த இடத்தில் விட்டு அடிக்குறிப்பில் உண்மையைச் சொல்வது பதிப்பாசிரியர்களின் நடைமுறை.